டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் கட்டிப் பாருங்கள்

முதல் மாடியில் ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் உள்ள ஒரு குளியலறையை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் படுக்கையறை இருக்கிறது. கீழே வேறொருவர் வீட்டுக் கூடம். கழிவுநீர்க் குழாய்களைத் தரைக்குள் மறைப்பதற்காக, மற்ற அறைகளின் தளத்தைவிட இந்த இடத்தில் மட்டும் கான்கிரீட்டை ஓரடி தாழ்த்திப் போட்டிருக்கிறார்கள். மேஸ்திரி முதல் என்ஜினீயர் வரை ‘சங்கன் ஸ்லாப்’ என்று சொல்வது இதைத்தான். இந்த ஓரடிப் பள்ளத்துக்குள் குழாய்கள் ஓடும். அவற்றைச் சுற்றி நிரப்பு போட்டு, அதன் மேல் கலவைத் தளம் அமைத்து, கடைசியில் டைல்ஸ் ஒட்டுவார்கள்.

பள்ளத்தின் அடியில் ஒரு ஓட்டை விட்டுப்போனால் அது குடிவந்த பிறகுதான் தெரியும். அப்போது டைல்ஸ், கலவைத் தளம், நிரப்பு என எல்லாவற்றையும் பெயர்த்தால்தான் அந்த இடத்துக்குக் கை எட்டும். பல நேரம் குழாயும் சேர்ந்து போகும். ஆகவே கட்டும்போதே சரியாகச் செய்து, மூடுவதற்கு முன்பே சோதித்துவிட வேண்டும். இதற்குத் தடையாக இருப்பவை கட்டுமான இடங்களில் அடிக்கடி கேட்கும் ஐந்து நம்பிக்கைகள்.

நம்பிக்கை 1: நல்ல டைல்ஸ் ஒட்டி, இடுக்குகளில் எபாக்ஸி போட்டால் தண்ணீர் இறங்காது

உண்மை: டைல்ஸ் வழியாகத் தண்ணீர் இறங்குவதில்லை என்பது சரிதான். ஆனால் தளம் முழுக்க ஒரே டைலாக இருப்பதில்லை. டைலும் டைலும் சேரும் இடுக்கு, தரையும் சுவரும் சேரும் மூலை, தண்ணீர் வெளியேறும் நாணி டிராப்பின் விளிம்பு, கழிப்பறைக் கோப்பையைத் தரையோடு முடுக்கும் திருகாணியின் துளை ஆகிய எல்லாமே தண்ணீருக்கு வழிதான். சிமெண்ட் வைத்து நிரப்பிய இடுக்கு தண்ணீரை உறிஞ்சும். எபாக்ஸி அப்படி உறிஞ்சுவதில்லை, கறையும் பிடிக்காது, அதற்காக அதைப் போடுவது நல்லதே. ஆனால் வெந்நீரும் குளிர்நீரும் மாறி மாறி விழும் தரை நுணுக்கமாக விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். முதலில் விரிசல் விடுவது தரையும் சுவரும் சேரும் மூலை. அங்கே ஒரு மயிரிழை விரிசல் போதும், ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும்.

அதனால் டைல்ஸுக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும் என்று எண்ணியே தளத்தை வடிவமைக்க வேண்டும். இறங்கிய தண்ணீரை நிறுத்தித் திருப்பி அனுப்புவது அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சின் வேலை. இந்தப் பூச்சுக்கு இன்று பரவலாகப் பயன்படுவது, பாலிமர் திரவமும் சிமெண்ட் தூளும் கலந்து பிரஷ்ஷால் பூசும் வகை. பூச்சுக் கலவையில் வாட்டர் புரூஃப் திரவம் ஊற்றிக் கலப்பது இதற்கு மாற்றாகாது. அந்தத் திரவம் கலவையின் நுண்துளைகளைக் குறைக்கும். கலவையில் விரிசல் விழுந்தால் அந்த விரிசலை அதனால் மூட முடியாது. பாலிமர் பூச்சு ஓரளவு வளைந்துகொடுக்கும், எனவே மெல்லிய விரிசல் அடியில் விழுந்தாலும் அது கிழியாமல் நிற்கும்.

நம்பிக்கை 2: சங்கன் பள்ளத்தில் பூசியாகிவிட்டது, மேலே இன்னொரு முறை எதற்கு?

உண்மை: பள்ளத்தில் மட்டும் பூசினால் கிடைப்பது ஒரு நல்ல தொட்டி. மேலிருந்து இறங்கும் தண்ணீர் அந்தத் தொட்டிக்குள் சேரும். நிரப்பில் இருக்கும் செங்கல் துண்டுகள் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துத் தரை எப்போதும் ஈரமாகவே இருக்கும், நாற்றம் வரும், டைல்ஸ் இடுக்கில் வெள்ளையாக உப்பு பூக்கும். நிரம்பிய தொட்டியில் அடிப்பூச்சு எந்நேரமும் தண்ணீருக்குள் கிடக்கும். அதில் ஊசிமுனை அளவு குறை இருந்தாலும், கீழ் வீட்டுக் கூடத்தில் அது தெரிந்துவிடும்.

சரியான அமைப்பில் பூச்சு இரண்டு இடத்தில் வரும். முதலாவது, பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும். இரண்டாவது, பள்ளம் நிரப்பிக் கலவைத் தளம் போட்ட பின், அந்தத் தளத்தின் மேல், டைல்ஸுக்கு நேர் கீழே. மேல்பூச்சுதான் அன்றாடம் வேலை செய்வது. டைல்ஸ் இடுக்கு வழி இறங்கிய தண்ணீரை அது அங்கேயே தடுத்து நாணி டிராப்புக்கு அனுப்பும். அதற்குக் கலவைத் தளத்திலேயே வாட்டம் இருக்க வேண்டும். எண்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏழடி நீளத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் சரிவு வரும். வாட்டத்தை டைல்ஸ் ஒட்டும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், டைல்ஸின் மேல் தண்ணீர் ஓடும், அடியில் பூச்சின் மேல் தேங்கி நிற்கும்.

மேல்பூச்சு தோற்றால் காப்பாற்றுவது அடிப்பூச்சு. அதைப் பூசும் முன் செய்யும் வேலைதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பள்ளத்தில் கிடக்கும் காய்ந்த கலவை, மரத்தூள், கம்பித்துண்டு எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவ வேண்டும். கான்கிரீட்டில் ஜல்லி தெரியும் பொத்தல்கள் இருந்தால் கொத்திவிட்டு, சுருங்காத கலவையால் அடைக்க வேண்டும். குழாய் நுழையும் துளையைச் சுற்றியும் அப்படியே செய்ய வேண்டும். வெறும் சிமெண்ட் கலவை காயும்போது சுருங்கி, பிளாஸ்டிக் குழாயை விட்டு விலகிவிடும். அடியும் பக்கமும் சேரும் மூலைகளைச் செங்கோணமாக விடாமல் இரண்டு அங்குல அளவுக்குக் கலவையால் சாய்வாக நிரப்பி, முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே அதில் கண்ணாடியிழை வலைப்பட்டையைப் பதிக்க வேண்டும். கூரிய மூலையில் பிரஷ் பூச்சு மெலிந்து போகும், முதலில் கிழிவதும் அங்கேதான். இரண்டாம் கோட்டை முதல் கோட்டுக்குக் குறுக்குத் திசையில் இழுத்தால், முதல் முறை விட்டுப்போன கோடுகள் மூடிக்கொள்ளும்.

பூச்சு காய்ந்து சோதனையும் முடிந்த பிறகு, அதன் மேல் முக்கால் அங்குலக் கலவைக் காப்பு போட்டுவிட்டுத்தான் குழாய் வேலையும் நிரப்பும் தொடங்க வேண்டும். கட்டட இடிபாடுகளை நேராகப் பூச்சின் மேல் கொட்டினால் செங்கல்லின் கூர்முனையும் டைல்ஸ் துண்டும் அதைக் குத்திக் கிழித்துவிடும். பள்ளத்தின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து ஒரு சிறு குழாயைச் சுவர் வழியாக வெளியே அல்லது குழாய்கள் இறங்கும் டக்ட்டுக்குள் எடுத்துவிடுவதும் நல்லது. என்றாவது அந்தக் குழாயில் தண்ணீர் சொட்டினால், மேல்பூச்சோ குழாய் இணைப்போ பழுதாகிவிட்டது என்று கீழ் வீட்டார் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.

நம்பிக்கை 3: சுவரில் ஓரடி ஏற்றிப் பூசினால் போதும்

உண்மை: ஓரடி என்பது சரியான அளவு. அதை எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதில்தான் வேலை கெடுகிறது. நம் குளியலறையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பள்ளத்தின் அடியிலிருந்து படுக்கையறைக் கான்கிரீட் தளம் வரை 12 அங்குலம். படுக்கையறையில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 2 அங்குலம். ஆக, பள்ளத்தின் அடியிலிருந்து படுக்கையறைத் தரை 14 அங்குல உயரத்தில் இருக்கும். தண்ணீர் வெளியே வராமலிருக்கக் குளியலறைத் தரையை ஓர் அங்குலம் தாழ்த்தினால், குளியலறை டைல்ஸின் மேல்பரப்பு 13 அங்குலத்தில் வரும். பூச்சுக்காரர் பள்ளத்துக்குள் நின்று அடியிலிருந்து ஓரடி அளந்து பூசினால், பூச்சு டைல்ஸுக்கு ஓர் அங்குலம் கீழேயே முடிந்துவிடுகிறது. தரை மட்டத்தைக்கூட அது எட்டவில்லை.

அது முடியும் இடம் இன்னும் மோசமானது. 12 அங்குலம் வரை பள்ளத்தின் பக்கம் கான்கிரீட். அதற்கு மேல் செங்கல் சுவர் தொடங்குகிறது. கான்கிரீட்டும் செங்கல்லும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால், இரண்டும் சேரும் அந்தக் கோட்டில் விரிசல் வருவது வழக்கம். சரியாக அந்தக் கோட்டில்தான் பூச்சை நிறுத்தியிருக்கிறோம். டைல்ஸுக்குக் கீழே பரவும் ஈரம் அந்த இணைப்புக்குள் நுழைந்து, செங்கல்லில் மேலேறி, படுக்கையறைப் பக்கம் வெளியே வரும். சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் உப்பி உரிவதற்கும், சுவரையொட்டிய அலமாரியின் அடிப்பலகை ஊறுவதற்கும், கதவு நிலையின் கால் உளுத்துப்போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். வீட்டுக்காரர் படுக்கையறைச் சுவரில் மீண்டும் மீண்டும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பார். குறையோ சுவரின் மறுபக்கத்தில் இருக்கிறது.

ஓரடியை டைல்ஸின் மேல்பரப்பிலிருந்து அளக்க வேண்டும். நம் குளியலறையில் அது பள்ளத்தின் அடியிலிருந்து 25 அங்குலம். வேலை தொடங்கும் முன்பே டியூப் லெவல் வைத்து, குளியலறை டைல்ஸ் வரப்போகும் மட்டத்தை நான்கு சுவரிலும் நூலடித்துக் குறிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஓரடியில் இன்னொரு கோடு. பூச்சு அந்த மேல் கோட்டைத் தொட வேண்டும். அடிப்பூச்சையே இந்த உயரம் வரை ஏற்றிவிட்டு, பின்னர் வரும் மேல்பூச்சைச் சுவரில் அதன் மேலேயே படியவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், இடையில் சந்து இருக்காது.

ஷவர் இருக்கும் மூலையில் ஓரடி போதாது. அங்கே தண்ணீர் நேராகச் சுவரில் அடிக்கிறது. அந்த இரண்டு சுவர்களிலும் டைல்ஸ் மட்டத்திலிருந்து ஆறடி வரை பூச வேண்டும். வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்பவர் வீடாக இருந்தாலும், அவர் நிற்கும் மூலையை ஷவர் மூலையாகவே கணக்கில் கொள்ளுங்கள். வாசற்படியில் ஓரடி ஏற்ற முடியாது. அங்கே பூச்சைப் படிக்கல்லுக்கு அடியில் கொண்டுபோய், படுக்கையறைத் தரை மட்டம் வரை மடித்து நிறுத்த வேண்டும். கல் வைத்த பிறகு பூசினால் கல்லின் அடி திறந்தே இருக்கும்.

இதில் ஒரு வரிசையும் இருக்கிறது. வெறும் செங்கல்லில் இந்தப் பூச்சு ஒழுங்காகப் படியாது. முதலில் சுவரை வெட்டித் தண்ணீர்க் குழாய்களைப் பதித்து, சொரசொரப்பாக ஒரு பூச்சு பூசி, அது உலர்ந்த பிறகே நீர்த்தடுப்புப் பூச்சு. பூசிய பின் குழாய்க்காகச் சுவரை வெட்டினால், பூச்சு போன இடம் போனதுதான். கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போது அதன் மேல் பருமணலைத் தூவிவிட்டால் டைல்ஸ் பசைக்கு நல்ல பிடிப்பு கிடைக்கும்.

விலை பேசும்போதும் இந்த உயரம் முக்கியம். நம் குளியலறையின் தரை 35 சதுர அடி. சுற்றளவு 24 அடி. அதை 25 அங்குல உயரத்துக்குப் பூசினால் சுவர்ப் பங்கு மட்டும் 50 சதுர அடி. தரையைவிடச் சுவரில்தான் அதிகம் பூச வேண்டியிருக்கிறது. தரை அளவை மட்டும் வைத்து விலை பேசினால், குறைபடுவது சுவர்தான். மொத்தப் பரப்பை வைத்துப் பேசுங்கள். ஒரு பொதி எத்தனை சதுர அடிக்கு இரண்டு கோட் வரும் என்று பொதியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். வேலை முடிந்ததும் காலிப் பொதிகளை எண்ணினால், கோட் சரியான கனத்தில் விழுந்ததா என்று தெரிந்துவிடும்.

நம்பிக்கை 4: ராத்திரி தண்ணீர் கட்டினோம், காலையில் கீழே சொட்டவில்லை, பாஸ்

உண்மை: ஓர் இரவு போதாது. தண்ணீர் பூச்சின் ஓட்டையைக் கண்டுபிடித்து, ஐந்தங்குலக் கான்கிரீட்டுக்குள் ஊறி, கீழ்ப்பரப்பில் கறையாகத் தெரிவதற்கு நேரம் எடுக்கும். குறைந்தது 48 மணி நேரம் நிறுத்த வேண்டும். 72 மணி நேரம் நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது. கீழே சொட்டுகிறதா என்று பார்ப்பது சோதனையில் ஒரு பாதிதான். மறுபாதி, கட்டிய தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று அளப்பது.

இரண்டு முறை கட்ட வேண்டும்: அடிப்பூச்சு முடிந்து நிரப்பு போடும் முன் ஒருமுறை, மேல்பூச்சு முடிந்து டைல்ஸ் ஒட்டும் முன் ஒருமுறை. பூச்சு முழுதாக இறுகப் பொதியில் எத்தனை நாள் எழுதியிருக்கிறதோ அத்தனை நாள் கழித்தே தண்ணீர் விட வேண்டும். பச்சைப் பூச்சில் தண்ணீர் கட்டினால் சோதனையே அதைக் கெடுத்துவிடும்.

மேல்பூச்சின் சோதனையை நம் குளியலறையில் செய்து பார்ப்போம். நாணி டிராப்பை ரப்பர் பிளக்கால் அடைக்க வேண்டும். பிளக், பூச்சும் டிராப்பும் சேரும் விளிம்புக்குக் கீழே உட்கார வேண்டும். விளிம்புக்கு மேலே துணியை வைத்து அடைத்தால், அதிகம் ஒழுகக்கூடிய இணைப்பு சோதனையிலிருந்து தப்பிவிடும். வாசலில் செங்கல்லும் கலவையும் வைத்து ஒரு சிறு வரப்பு. மேடான பக்கத்தில் இரண்டு அங்குலம் நிற்கும்படி தண்ணீர் விட்டால், வாட்டத்தின் காரணமாக டிராப் பக்கம் மூன்று அங்குலம் நிற்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. இந்த ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு 75 கிலோவுக்கு மேல் போகாது. குளியலறைத் தளங்களை 200 கிலோ தாங்கும்படி வடிவமைப்பது இந்தியத் தரவிதி என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. பள்ளத்தில் செய்யும் முதல் சோதனையில் குழாய் நுழையும் இடங்கள் மூழ்கும் வரை தண்ணீர் வேண்டும். அது அரையடிக்கு மேல் போனால் என்ஜினீயரைக் கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

முதல் நாள் விட்ட தண்ணீரில் கொஞ்சத்தைக் காய்ந்த பரப்பு உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஒரு நாள் ஊறவிட்டு, மீண்டும் பழைய அளவுக்கு நிரப்பி, அங்கிருந்து 48 மணி நேரத்தைத் தொடங்க வேண்டும். சுவரில் மூன்று இடங்களில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் கோடிட்டு, தேதியும் நேரமும் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே அறையில் ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். காற்றில் ஆவியாகும் அளவை அந்த வாளி சொல்லும். ஜன்னலையும் கதவையும் சாத்தி வையுங்கள்.

48 மணி நேரம் கழித்து வாளியில் 3 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது, தரையில் 8 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5 மில்லிமீட்டர். குளியலறையின் பரப்பு 3.25 சதுர மீட்டர். அப்படியென்றால் ஏறக்குறைய 16 லிட்டர் தண்ணீர் ஆவியாகாமல் வேறெங்கோ போயிருக்கிறது. கீழே ஒரு சொட்டும் விழாமலிருக்கலாம், அந்தப் 16 லிட்டர் நிரப்புக்குள்ளோ சுவருக்குள்ளோ இருக்கிறது. இது தோல்விதான். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்து, கீழேயும் கறை இல்லையென்றால் மட்டுமே தேர்ச்சி.

தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் அதே தண்ணீர் காட்டிக்கொடுக்கும். பிளக்கைச் சரிபார்த்துவிட்டு அப்படியே விட்டு வையுங்கள். மட்டம் ஓரிடம் வரை இறங்கி அதற்குமேல் நின்றுவிட்டால், ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது, பெரும்பாலும் சுவர் மூலையில். கடைசிவரை இறங்கிக்கொண்டே இருந்தால் டிராப்பின் விளிம்பைப் பாருங்கள். அந்த இடத்தை உலரவிட்டு, சுரண்டி, வலைப்பட்டை வைத்துத் திரும்பப் பூசியபின், முழு 48 மணி நேரமும் மறுபடி கட்ட வேண்டும். “டைல்ஸ் போட்டா நின்னுடும் சார்” என்ற வாக்குறுதியை அந்த நேரத்தில் ஏற்காதீர்கள். டைல்ஸ் அதைக் கண்ணிலிருந்து மறைக்கும், நிறுத்தாது.

நம்பிக்கை 5: தண்ணீர் கட்டிப் பார்த்தாகிவிட்டது, இனி எதுவும் கசியாது

உண்மை: தண்ணீர் கட்டும் சோதனை, தண்ணீர் நின்ற உயரம் வரைதான் சாட்சி சொல்லும். மூன்றங்குலத்துக்கு மேல் இருக்கும் சுவர்ப் பூச்சைப் பற்றி அது எதுவும் சொல்லாது. எனவே ஓரடிக் கோடும் ஷவர் சுவரின் ஆறடிக் கோடும் பூச்சால் மூடியிருப்பதை டைல்ஸுக்கு முன் கண்ணால் பார்த்துப் படம் எடுத்து வைக்க வேண்டும். சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய்களை இந்தச் சோதனை தொடவே இல்லை. அவற்றின் முனைகளை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பிளம்பர் தனியாகப் பார்க்க வேண்டும். கழிவுநீர்க் குழாய்களை நிரப்பு போடும் முன் தண்ணீரால் நிறைத்து இணைப்புகளைப் பார்க்க வேண்டும்.

குடிவந்த பிறகு கசிவு வந்தால் இந்த வேறுபாடு உதவும். யாரும் குளிக்காத நாளிலும் கறை வளர்ந்தால், எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகியுங்கள். குளித்த நாட்களில் மட்டும் ஈரம் கூடினால் தரையையும் கழிவுநீர்க் குழாயையும் பாருங்கள். படுக்கையறைச் சுவரின் அடியில் மட்டும் உப்பு பூத்தால், சுவரில் பூச்சின் உயரம் குறைவு.

தேர்ச்சி பெற்ற பூச்சைப் பின்னால் வருபவர்கள் கெடுப்பதும் உண்டு. டைல்ஸ் வேலைக்கு முன் மண்வெட்டியும் ஏணிக்காலும் அதைக் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக் கோப்பையைத் தரையில் திருகாணி போட்டு முடுக்கினால், துளைக்குள் சீலன்ட் நிரப்பிய பிறகே திருகாணி இறங்க வேண்டும்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டைல்ஸ் வேலைக்கான பணத்தைக் கொடுக்கும் முன், டைல்ஸ் மட்டத்திலிருந்து ஓரடி உயரம் பூசிய சுவரின் படத்தையும், தேதியிட்ட இரண்டு தண்ணீர் மட்டக் கோடுகளின் படத்தையும் கேளுங்கள். கிடைத்தால் பணம் கொடுங்கள். கிடைக்கவில்லையென்றால் டைல்ஸ் பெட்டிகளைப் பிரிக்க விடாதீர்கள்.